இருவருக்கும் நடுவில் நிற்கும் வேலை
பொறுப்பு யாருடையது என்று மேலாளரிடம் தெளிவு கேட்கும் முறை

ஒரே வேலையை இருவர் செய்துவிட்டால் அந்தத் தவறு அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் ஒரு வேலையை மற்றவர் செய்துவிடுவார் என்று இருவருமே நம்பியிருந்தால், அந்த வேலையின் கெடு நெருங்கும்வரை அல்லது தாண்டும்வரை அது எவர் கண்ணுக்கும் படுவதில்லை. இவ்வாறு ஆளில்லாமல் நிற்கும் வேலையைப் ‘பொறுப்பு இடைவெளி’ என்று குறிப்பிடலாம். இரண்டு பணியாளர்களின் கடமைகள் ஒன்றையொன்று தொடும் எல்லையில், எவருடைய கடமைப் பட்டியலிலும் முழுமையாக இடம்பெறாமல் விடுபட்டுப்போன பணி என்பது இதன் பொருள். இருவருக்கும் மேலே இருக்கும் மேலாளர் ஒரு பெயரைச் சொன்னால் இந்த இடைவெளி அடைபட்டுவிடும் என்றாலும், அந்தப் பெயரைக் கேட்டுப் பெறுவதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். ஏனெனில் தெளிவு கேட்கும் கேள்வி, கேட்கும் விதத்தில் சற்றுப் பிசகினாலும், சக ஊழியர்மீது சொல்லப்படும் புகாராக மாறிவிடுகிறது. மேலாளர் ஒரு வரியில் விடை சொல்லிவிடக்கூடிய அளவுக்குக் கேள்வியை முன்கூட்டியே செதுக்கித் தருவதே இதற்குரிய வழி என்பதை, திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் எளிதில் நேரக்கூடிய ஒரு நிலைமையை மாதிரியாக எடுத்துக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

டெஸ்ட்டுக்குப் போகாத துணி

வெளிநாட்டு வாங்குநர் ஒருவரின் டி-ஷர்ட் ஆர்டரை எடுத்துக்கொண்டால், வாங்குநருடன் கடிதத் தொடர்பு வைத்து, ஆர்டரைத் தொடக்கம் முதல் கப்பல் ஏறும்வரை பின்தொடர்பவர் மெர்ச்சண்டைசர். துணியும் ஆடையும் உரிய தரத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்ப்பவர் க்யூ.சி. எனப்படும் தரக்கட்டுப்பாட்டாளர். நூல் துணியாகப் பின்னப்பட்டு, டையிங்கில் சாயமேற்றப்பட்டு, காம்பாக்டிங் முடிந்து கிடங்குக்கு வந்தபின், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டு வெட்டி, வாங்குநர் ஏற்றுக்கொண்ட வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது வழக்கம். காம்பாக்டிங் என்பது, பின்னல் துணியை நீளவாக்கில் நெருக்கி அமுக்கி, பின்னாளில் துவைக்கும்போது அது சுருங்கும் அளவை முன்கூட்டியே குறைக்கும் செயல்முறை. துவைத்தால் துணி எவ்வளவு சுருங்குகிறது, சாயம் எந்த அளவுக்கு வெளுக்கிறது, உரசினால் அடுத்த துணியில் எவ்வளவு ஒட்டுகிறது என்பனவற்றை லேப் சோதித்து ரிப்போர்ட் தருகிறது. சாய உறுதி, 1 முதல் 5 வரையிலான சாம்பல் அளவுகோலில், 5 மிகச் சிறந்தது என்ற முறையில் மதிப்பிடப்படுகிறது.

இந்த ரிப்போர்ட் கட்டிங்குக்கு முன்பே கைக்கு வந்துவிட வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. துணி ரோலாக இருக்கும்போது சுருக்கம் அதிகம் என்று தெரிந்தால், அதை மறுபடியும் காம்பாக்டிங்குக்கு அனுப்பலாம், அல்லது பேட்டர்னில் சுருக்கத்துக்கு விடும் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். முன்பகுதி, பின்பகுதி, கை என்று வெட்டிப் பிரித்த பிறகு இந்த இரண்டு வழிகளும் அடைபட்டுவிடும். வெட்டிய துணியைத் தைத்து முடித்தாலும், தோல்வியடைந்த ரிப்போர்ட்டுடன் வரும் சரக்கை வாங்குநர் ஏற்க மறுக்கலாம்; புதிய துணி போட்டு மீண்டும் தைத்தால் தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் தவறிப்போய், விமானத்தில் அனுப்பும் செலவு தொழிற்சாலையின் தலையில் விழலாம்.

மாதிரி நிலைமை இதுதான். நேவி, மெரூன் ஆகிய இரண்டு நிறத் துணிகள் திங்கட்கிழமை கிடங்குக்கு வந்துவிட்டன. அடுத்த திங்கட்கிழமை கட்டிங் தொடங்க வேண்டும். லேப் சாதாரண முறையில் நான்கு வேலை நாளிலும், கூடுதல் கட்டணம் செலுத்தும் எக்ஸ்பிரஸ் முறையில் இரண்டு வேலை நாளிலும் ரிப்போர்ட் தருவதாக வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை மாலையே துண்டுகளைக் கொடுத்திருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ரிப்போர்ட் வந்திருக்கும். எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு சனிக்கிழமை கையிருப்பாக மிஞ்சியிருக்கும். ஆனால் வியாழக்கிழமை காலை, ரிப்போர்ட் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள மெர்ச்சண்டைசர் தம் மெயிலைத் தேடும்போது, லேப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைகூட இல்லை என்பது தெரியவருகிறது. க்யூ.சி. துண்டுகளை வெட்டி மேசையில் வைத்திருக்கிறார். டெஸ்ட்டுக்கான விண்ணப்பப் படிவம் மெர்ச்சண்டைசரிடமிருந்து வரட்டும் என்று மூன்று நாளாகக் காத்திருக்கிறார். மெர்ச்சண்டைசரோ, துணியைக் கையில் வைத்திருப்பவர்தான் அனுப்புவார் என்று இருந்துவிட்டார்.

இருவரும் காத்திருப்பதன் காரணம்

இந்த நிலைமையில் சோம்பல் என்பதற்கு இடமே இல்லை. இருவரும் தத்தமக்குத் தெரிந்த உண்மைகளிலிருந்து நியாயமான முடிவுக்கே வந்திருக்கிறார்கள். படிவத்தில் வாங்குநரின் பெயர், ஸ்டைல் நம்பர், எந்தெந்தச் சோதனைகள் தேவை, கட்டணம் யார் கணக்கில் என்பன போன்ற விவரங்களைக் கேட்பதால், அவற்றை அறிந்த மெர்ச்சண்டைசர்தான் வேலையைத் தொடங்குவார் என்று க்யூ.சி. எண்ணுவதில் தவறில்லை. துணி எப்போது வந்தது, எந்த ரோலிலிருந்து துண்டு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் க்யூ.சி.க்கு மட்டுமே தெரியும் என்பதால், அவர்தான் தொடங்குவார் என்று மெர்ச்சண்டைசர் எண்ணுவதிலும் தவறில்லை. வேலையின் ஒரு பாதி ஒருவரிடமும் மறு பாதி இன்னொருவரிடமும் இருக்கும்போது, ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள பாதியை உதவியாகவும் மற்றவரிடம் உள்ள பாதியை முதன்மையானதாகவும் பார்ப்பது இயல்பு.

சமூக உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனுடன் உறவுடைய ஓர் இயல்பைக் காட்டியது. நியூயார்க்கில் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, இன்டர்காம் வழியே உரையாட வைத்து, அவர்களுள் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோன்ற ஒலியைக் கேட்கச் செய்தபோது, தம்மைத் தவிர வேறு எவரும் அதைக் கேட்கவில்லை என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் அந்த ஒலி முடிவதற்குள் உதவி தேடி எழுந்தனர்; வேறு நால்வரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதத்தினரே அவ்வாறு செய்தனர். பொறுப்பு பலரிடையே பரவும்போது ஒவ்வொருவரின் பங்கும் மெலிந்துபோகும் இந்த இயல்பை உளவியலாளர்கள் ‘பொறுப்புப் பரவல்’ என்கிறார்கள். அலுவலகத்தில் நிலைமை இதைவிடவும் கடுமையானது என்று சொல்ல இடமுண்டு. ஆய்வறையில் இருந்தவர்களுக்கு ஆபத்து காதில் விழுந்துகொண்டிருந்தது, தொழிற்சாலையில் அனுப்பப்படாத துண்டுத் துணி எந்த ஒலியும் எழுப்புவதில்லை.

இந்த இயல்புக்கு வழிவிடுவது பெரும்பாலும் ஓர் ஆவணம். ஏற்றுமதி நிறுவனங்கள் ஒவ்வொரு ஆர்டருக்கும் டி.என்.ஏ. எனப்படும் ‘டைம் அண்ட் ஆக்‌ஷன்’ அட்டவணை ஒன்றைத் தயாரிக்கின்றன. நூல் கொள்முதல் முதல் சரக்கு அனுப்புவதுவரை எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்பதை அது வரிசைப்படுத்துகிறது. அதில் பொறுப்பு என்ற பத்தியில் ‘துணி டெஸ்ட்’ என்ற வரிக்கு நேரே ‘மெர்ச்சண்டைசிங் / க்யூ.சி.’ என்று எழுதியிருக்கும்போது, அட்டவணையைத் தயாரித்தவர் இரு துறைகளும் சேர்ந்து செய்யட்டும் என்று நினைத்திருப்பார். படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அந்தச் சாய்கோட்டின் மறுபக்கத்தில் இருப்பவரின் வேலை என்றே அது தெரியும். துறையின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தாலும் இதே விளைவுதான், ஏனெனில் ஒரு துறையில் நால்வர் இருந்தால் அதே இடைவெளி துறைக்குள்ளேயே மீண்டும் பிறக்கும்.

மேலாளரிடம் போவதற்கு முன்

இடைவெளி இருக்கிறது என்பதைக் கெடுவுக்கு முன்பே காட்டும் அறிகுறிகள் சில உண்டு. கூட்டத்தில் ஒரு வேலையைப் பற்றிப் பேசும்போது ‘அனுப்பிடலாம்’, ‘பண்ணிடலாம்’ என்று செய்பவர் யார் என்பது வெளிப்படாத வினைகளே வருவது முதல் அறிகுறி. வாட்ஸ்அப் குழுவில் ‘டெஸ்ட்டுக்கு உடனே அனுப்பவும்’ என்று பெயர் குறிப்பிடாமல் வந்த செய்திக்கு ஐந்து பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியும், ‘நான் அனுப்புகிறேன்’ என்று ஒருவரும் எழுதாதது இரண்டாவது. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் இருவரும் ‘போயிருக்கும்’ என்று ஊகமாக விடை சொல்வதும், எவரிடமும் ஒப்புகைச் சீட்டோ மெயிலோ இல்லாததும் மூன்றாவது. இதுவே ஐயத்துக்கு இடமில்லாத அறிகுறி, ஏனெனில் வேலையைத் தம்முடையதாகக் கருதுபவரிடம் அதற்கான ஏதேனும் ஓர் அடையாளம் கட்டாயம் இருக்கும்.

அறிகுறியைக் கண்டதும் முதலில் பேச வேண்டியவர் சக ஊழியர், மேலாளர் அல்லர். இந்த ஒழுங்கு நாகரிகத்துக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. மேலாளருக்கு எழுதும்போது இருவரின் புரிதலையும் சரியாக எழுத வேண்டுமானால், மற்றவரின் புரிதல் என்னவென்று அவர் வாயிலாகவே தெரிந்திருக்க வேண்டும். அதோடு, தம்மிடம் கேட்காமலேயே மேலே சென்றுவிட்டார் என்று தெரிந்தால், கேட்டவர் தம்மைப் போட்டுக்கொடுத்துவிட்டதாகவே மற்றவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பேச்சு கேள்வியில் தொடங்காமல் தம் நிலையைச் சொல்வதில் தொடங்குவது நல்லது. ‘அண்ணா, நேவி, மெரூன் துணியை நான் டெஸ்ட்டுக்கு அனுப்பலைங்க, நீங்க அனுப்பியிருப்பீங்கன்னு இருந்துட்டேன், ஃபார்ம் ஏதாவது என்கிட்ட இருந்து வரணும்னு இருந்தீங்களா?’ என்று மெர்ச்சண்டைசர் கேட்கும்போது, மூத்தவரான க்யூ.சி. தம்மைத் தற்காத்துக்கொள்ள வேண்டிய நிலையே ஏற்படுவதில்லை. ‘ஏன் இன்னும் அனுப்பலை?’ என்று தொடங்கினால், அடுத்த பத்து நிமிடம் யார்மீது தவறு என்பதிலேயே கழியும்.

இருவரும் பேசிய அளவிலேயே, இனி இந்த வேலை இன்னாருடையது என்று இருவருக்கும் ஒத்த முடிவு வந்துவிட்டால், மேலாளருக்குக் கேள்வியாக எழுத வேண்டியதில்லை. தகவலாக ஒரு வரி எழுதினால் போதும். இருவரின் நேரத்தையும் துறைச் செலவையும் தொடும் முடிவாக இருந்தாலோ, இருவருமே ஏற்கத் தயங்கினாலோ, இருவருமே தம்முடையது என்று வலியுறுத்தினாலோதான் மேலாளரின் சொல் தேவைப்படுகிறது.

கேள்வியின் உள்ளமைப்பு

‘சார், டெஸ்ட்டுக்கு அனுப்புவது யார் வேலை என்று கொஞ்சம் தெளிவுபடுத்துங்கள்’ என்று மட்டும் எழுதினால், மேலாளர் விவரங்களைத் தேடி இருவரையும் அழைத்து விசாரிக்க வேண்டியிருக்கும். அதற்கு அவருக்கு நேரம் கிடைப்பதற்குள் வியாழக்கிழமை முடிந்துவிடும். பின்வரும் மெயில் அதே கேள்வியை மேலாளர் கைப்பேசியிலிருந்தே விடை எழுதக்கூடிய வடிவில் தருகிறது. இது பொது மேலாளருக்கு எழுதப்பட்டு, க்யூ.சி.க்கும் நகல் அனுப்பப்படுகிறது:

‘வணக்கம் சார். நேவி, மெரூன் துணி இரண்டும் திங்கட்கிழமை வந்துவிட்டன. லேப் டெஸ்ட்டுக்கு இன்னும் போகவில்லை. துணி வந்ததும் க்யூ.சி. அனுப்பிவிடுவார் என்று நான் இருந்தேன். ஃபார்ம் என்னிடமிருந்து வரும் என்று அவர் காத்திருந்தார். காலையில் இருவரும் பேசிக்கொண்டோம். இன்று மாலை 4 மணிக்குள் எக்ஸ்பிரஸில் கொடுத்தால் சனிக்கிழமை மாலை ரிப்போர்ட் வரும், திங்கட்கிழமை கட்டிங் தள்ளிப்போகாது. சாதாரண முறையில் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை மாலைதான் வரும், கட்டிங் புதன்கிழமைக்குப் போய்விடும். இந்த ஆர்டருக்கு மட்டும் நானே இன்று அனுப்பிவிடுகிறேன். உங்களிடமிருந்து இரண்டு முடிவுகள் வேண்டும். ஒன்று, எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு 2 மணிக்குள் ஒப்புதல். இரண்டு, இனி வரும் ஆர்டர்களில் துணி கிடங்குக்கு வந்ததிலிருந்து ரிப்போர்ட் கைக்கு வரும்வரை இந்த வேலைக்குப் பொறுப்பு யார் என்பது. துணி வரும் நாள் முதலில் அவருக்குத் தெரிவதால் க்யூ.சி. பொறுப்பேற்பதும், டி.என்.ஏ. போடும் அன்றே நான் ஃபார்மை நிரப்பி அவரிடம் கொடுத்துவிடுவதும் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. இரண்டாவது முடிவைச் சனிக்கிழமைக்குள் சொன்னால் போதும்.’

இந்த மெயிலில் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, இடைவெளியை விவரிக்கும் வாக்கியங்களில் இருவரின் புரிதலும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன. எழுதியவர் தம் ஊகத்தை முதலிலும் மற்றவரின் ஊகத்தை அடுத்தும் சொல்வதால், நகலைப் படிக்கும் க்யூ.சி.க்குத் தம்மீது குற்றம் சுமத்தப்பட்டதாகத் தோன்றாது, விசாரணை நடத்த வேண்டும் என்ற எண்ணம் மேலாளருக்கும் வராது.

இரண்டாவது, அவசர வேலையும் நிரந்தரப் பொறுப்பும் பிரிக்கப்பட்டுள்ளன. இந்தத் துணி இன்று போயாக வேண்டும் என்பதும், இனிமேல் யார் பொறுப்பு என்பதும் வெவ்வேறு கேள்விகள். இவற்றை ஒன்றாகக் கட்டிவிட்டால், இரண்டாவதற்கு விடை வரும்வரை முதலாவது நின்றுவிடும். அதே நேரத்தில், ‘இந்த ஆர்டருக்கு மட்டும்’ என்ற எல்லை எழுத்தில் இருப்பது முக்கியம். ஒருமுறை செய்தவருக்கே அந்த வேலை சொந்தமாகிவிடுவது அலுவலகங்களின் வழக்கம் என்பதால், எல்லை குறிக்கப்படாத உதவி மூன்றாவது ஆர்டருக்குள் கடமையாகிவிடும்.

மூன்றாவது, வேலையின் தொடக்கமும் முடிவும் சொல்லப்பட்டுள்ளன. ‘டெஸ்ட்’ என்று மட்டும் எழுதினால் மேலாளர் அதைத் துண்டு அனுப்புவது என்றும், க்யூ.சி. அதைத் துண்டு வெட்டுவது என்றும், மெர்ச்சண்டைசர் அதை ரிப்போர்ட் பெறுவது என்றும் புரிந்துகொண்டு, மூவரும் ஒப்புக்கொண்ட பிறகும் அதே இடைவெளி வேறோர் இடத்தில் திறந்துவிடும். துணி வந்ததிலிருந்து ரிப்போர்ட் கைக்கு வரும்வரை என்று எல்லை போட்டுவிட்டால், இடையில் லேபிலிருந்து ஏதேனும் கேள்வி வந்தால் அதற்கு விடை சொல்லும் வேலையும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

நான்காவது, ஒரு பரிந்துரையும் அதற்கான காரணமும் தரப்பட்டுள்ளன. இங்கே காரணம் தகவல் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது: வேலையைத் தொடங்க வைக்கும் நிகழ்ச்சி எவர் கண்ணுக்கு முதலில் படுகிறதோ, அவரிடம் பொறுப்பை வைப்பதே மறதிக்கு மிகக் குறைந்த இடம் தரும். துணி வந்திறங்குவதைப் பார்ப்பவர் க்யூ.சி. என்பதால் அவர் எவரும் சொல்லாமலே தொடங்க முடியும். மெர்ச்சண்டைசரிடம் பொறுப்பு இருந்தால், துணி வந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர்வதற்கே இன்னோர் ஏற்பாடு வேண்டியிருக்கும். தம் தோளிலிருந்து வேலையை இறக்கிவிடும் பரிந்துரை தன்னல நோக்குடையதாகத் தோன்றக்கூடும் என்பதால், மெர்ச்சண்டைசர் தம் பங்காக ஃபார்மை முன்கூட்டியே தருவதாகச் சொல்வதும், இந்தப் பரிந்துரையை மெயில் அனுப்புவதற்கு முன்பே க்யூ.சி.யிடம் சொல்லிவிடுவதும் தேவையாகின்றன.

யாரிடம் கேட்பது

மெர்ச்சண்டைசருக்கு மெர்ச்சண்டைசிங் மேனேஜரும், க்யூ.சி.க்குத் தர மேலாளரும் மேலதிகாரிகளாக இருக்கும் நிறுவனத்தில், தம் மேலாளரிடம் மட்டும் கேட்பது பயன் தராது. அவர் ‘அது க்யூ.சி. வேலைதான்’ என்று சொன்னாலும், அந்தச் சொல் மறு துறையைக் கட்டுப்படுத்தாது. முன்பு இரண்டு ஊழியர்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி இப்போது இரண்டு மேலாளர்களுக்கு நடுவில் ஏறி நிற்கும். ஆகவே, இருவருக்கும் பொதுவான மேலதிகாரிகளுள் மிகக் கீழ்நிலையில் இருப்பவர்தான் முடிவு சொல்லத் தகுந்தவர். மாதிரியில் அவர் பொது மேலாளர். தம் நேரடி மேலாளரைத் தாண்டிச் செல்வது முறையல்ல என்று கருதும் நிறுவனங்களில், தம் மேலாளரிடம் முதலில் சொல்லி, அவர் வழியாகவோ, இரண்டு மேலாளர்களுக்கும் ஒரே மெயிலில் எழுதியோ அதே விடையைப் பெறலாம். இருவருக்கும் தனித்தனி மெயில் அனுப்புவது மட்டும் கூடாது, ஏனெனில் ஒவ்வொருவரும் மற்றவர் விடை சொல்லட்டும் என்று இருந்துவிட அது வழி செய்யும்.

மேலாளரின் விடையில் இருக்க வேண்டியது

கேள்வி சரியாக இருந்தாலும், ‘இருவரும் பேசிப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றோ, ‘இருவருக்கும் பொறுப்பு உண்டு’ என்றோ விடை வரலாம். ஊழியர்கள்மீது நம்பிக்கை வைத்து நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் விடைதான் இது என்றாலும், சாய்கோட்டை அழிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறது. அந்த நிலையில் மேலாளரை மறுத்துப் பேசாமல், ‘நாங்கள் பேசியதில் க்யூ.சி. பொறுப்பு என்று முடிவு செய்திருக்கிறோம், ஃபார்ம் என் வேலை. வேறு விதமாக வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆர்டரிலிருந்து இப்படியே நடத்துகிறோம் சார்’ என்று திரும்ப எழுதலாம். மேலாளர் மௌனமாக இருந்தாலும் வேலைக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். இந்த வழி இருவரும் ஒத்துக்கொண்டபோது மட்டுமே செல்லுபடியாகும். மற்றவர் ஏற்காத முடிவை மேலாளரின் மௌனத்தைக் காட்டி அவர்மேல் சுமத்தினால், அடுத்த ஆர்டரில் வேலையும் நடக்காது, உறவும் கெடும்.

ஒரே பெயர் வேண்டும் என்ற கோரிக்கைக்கு மேலாண்மைத் துறையில் நெடுங்காலமாக ஆதரவு உண்டு. திட்டப் பணிகளில் பரவலாகப் பயன்படும் ‘ரேசி’ என்ற அட்டவணை, ஒவ்வொரு பணிக்கும் நான்கு வகையான தொடர்பைப் பிரித்துக் காட்டுகிறது: வேலையைச் செய்பவர், அது முடிந்ததா என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர், செய்வதற்கு முன் கலந்து பேச வேண்டியவர், செய்த பின் தகவல் தெரிவிக்க வேண்டியவர். செய்பவர்கள் பலராக இருக்கலாம். விடை சொல்ல வேண்டியவர் மட்டும் ஒரு பணிக்கு ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. மாதிரியில் துண்டு வெட்டுவது கிடங்கு உதவியாளராகவும், ஃபார்ம் நிரப்புவது மெர்ச்சண்டைசராகவும், லேபுக்குக் கொண்டுபோவது நிறுவனத்தின் டிரைவராகவும் இருக்கலாம். ரிப்போர்ட் வரவில்லையே என்று வெள்ளிக்கிழமை மாலை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் க்யூ.சி. ஒருவரே. இந்தப் பிரிவை மேலாளரிடம் எடுத்துச் சொல்வது, பொறுப்பேற்பவரின் தயக்கத்தையும் குறைக்கும்; வேலை முழுவதையும் தாமே செய்ய வேண்டும் என்ற அச்சத்தால்தான் பலர் பெயர் கொடுக்கப் பின்வாங்குகிறார்கள்.

பொறுப்போடு அதற்குரிய அதிகாரமும் தரப்பட வேண்டும் என்பதை விடையில் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதது. லேபின் கட்டணத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் மெர்ச்சண்டைசிங் துறையிடம் மட்டுமே இருந்தால், பொறுப்பு க்யூ.சி. மேல் இருந்தும் அவர் ஒவ்வொரு முறையும் ஒப்புதலுக்குக் காத்திருப்பார். புதிய இடைவெளி அந்தக் காத்திருப்பில் பிறக்கும். ஆகவே ‘டெஸ்ட் கட்டணத்துக்கு ஆர்டர் தொடங்கும்போதே மொத்தமாக ஒப்புதல்’ என்பது போன்ற ஒரு வரியையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

முடிவை உறுதிப்படுத்துவது

மேலாளர் பெயர் சொல்லிவிட்டார் என்பதாலேயே அந்தப் பெயருக்குரியவர் அதைக் கேட்டுக்கொண்டார் என்று ஆகிவிடாது. விமானிகளின் பயிற்சியில் இதற்கு ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு விமானி கட்டுப்பாட்டை மற்றவரிடம் கொடுக்கும்போது ‘கட்டுப்பாடு உங்களிடம்’ என்று சொல்ல, பெறுபவர் ‘கட்டுப்பாடு என்னிடம்’ என்று சொல்ல, கொடுத்தவர் மறுபடியும் ‘கட்டுப்பாடு உங்களிடம்’ என்று உறுதிசெய்ய வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. இருவரும் கைவிட்டுவிட்ட விமானம் ஒரு கணம்கூடப் பறக்கக் கூடாது என்பதற்காகவே மூன்று படிகள். அலுவலகத்தில் மேலாளரின் மெயிலுக்கு க்யூ.சி. ‘சரி சார், நேவி, மெரூன் தவிர்த்து அடுத்த ஆர்டரிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதுவதும், மெர்ச்சண்டைசர் ‘ஃபார்மை டி.என்.ஏ. போடும் அன்றே அவரிடம் கொடுத்துவிடுவேன்’ என்று எழுதுவதும் அதே வேலையைச் செய்கின்றன. கட்டைவிரல் அடையாளத்தை இதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள முடியாது. படித்தேன் என்பதைத் தவிர அதில் வேறெந்த வாக்குறுதியும் இல்லை.

அடுத்ததாக, முடிவு மெயிலில் மட்டும் நின்றுவிடாமல், இடைவெளி பிறந்த ஆவணத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். டி.என்.ஏ. அட்டவணையின் மூல வடிவத்தில் ‘மெர்ச்சண்டைசிங் / க்யூ.சி.’ என்ற வரியை நீக்கி, ‘ஃபார்ம் தயாரித்தல்’ என்பதற்கு நேரே மெர்ச்சண்டைசரின் பெயரையும், ‘துணி வந்ததிலிருந்து ரிப்போர்ட் பெறும்வரை’ என்பதற்கு நேரே க்யூ.சி.யின் பெயரையும் தனித்தனித் தேதிகளோடு எழுதினால், புதிதாகச் சேரும் ஊழியரும் கேட்காமலே தெரிந்துகொள்வார். பெயருக்குரியவர் விடுப்பில் இருக்கும்போது வேலை யாருக்குப் போகும் என்பதையும் அதே வரியில் குறித்துவிடலாம். விடுப்பு நாள்களில் இந்த இடைவெளி மீண்டும் தலைதூக்குவது வழக்கம்.

இந்த முறையின் எல்லைகள்

தெளிவு கேட்பதற்கும் அளவு உண்டு. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், மீண்டும் வராத ஒரு வேலைக்கு மேலாளரிடம் போவதைவிட, செய்துவிட்டு மற்றவருக்குச் சொல்லிவிடுவதே சிக்கனம். திரும்பத் திரும்ப வரும் வேலைக்கும், தவறினால் பணமோ வாங்குநரின் நம்பிக்கையோ போகக்கூடிய வேலைக்கும்தான் மேலே சொன்ன உழைப்பு தகும். மற்றவர் தம் பொறுப்பு என்று தெரிந்தும் செய்யாமல் விடுகிறார் என்றால் அது பொறுப்பு இடைவெளி அன்று. அதைத் தெளிவு கேட்கும் மெயிலின் போர்வையில் எழுதினால் மேலாளரும் தவறாகப் புரிந்துகொள்வார், சக ஊழியரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். அந்தப் பிரச்சினையை அதற்குரிய பெயரிலேயே, தனியாக எடுத்துப் பேச வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு காண்பது எளிது: அட்டவணையிலோ மெயிலிலோ ஒருவர் பெயர் முன்பே எழுதப்பட்டிருந்து அவர் ஏற்றும் இருந்தால், அங்கே கேட்க வேண்டிய தெளிவு ஏதுமில்லை, பெயர் இல்லாமலோ இரண்டு பெயர்களோடோ இருந்தால், கேட்டே ஆக வேண்டும்.

இந்த முறை பலித்ததா என்பதை அடுத்த ஆர்டர் காட்டிவிடும். நேவி, மெரூன் ஆர்டருக்குப் பிறகு புதிய துணி காம்பாக்டிங் முடிந்து கிடங்குக்கு வரும் நாளில், மெர்ச்சண்டைசர் நினைவூட்டாமலே லேபின் ஒப்புகை அன்று மாலை அவர் மெயிலுக்கு வந்திருந்தால் இடைவெளி அடைபட்டுவிட்டது என்று கொள்ளலாம். அவர் மறுபடியும் கேட்க வேண்டியிருந்தால், பெயரோ எல்லையோ அதிகாரமோ இன்னும் எங்கோ அரைகுறையாக நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்த ஓர் இடத்தை மட்டும் மேலாளரிடம் மறுபடியும் கேட்க வேண்டும்.